முதலீடு கேட்கும்முன் ரன்வேயும் மாதப் பர்னும்: நிறுவனர்கள் கேட்கும் கேள்விகள்

சீட் என்னும் தொடக்க நிலையில் முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டப் போகும் நிறுவனர்களின் கணக்குத் தாள்களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. கீழே உள்ள கேள்விகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்தில் முட்டி நிற்பவை: மாதாமாதம் கரையும் பணம் எவ்வளவு என்ற பர்ன், கையில் உள்ள பணம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்ற ரன்வே. அதனால் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆறு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை தொடர்ந்து போட்டுப் பார்க்கிறேன். தொகைகள் எல்லாம் லட்சத்தில். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு மாறாது.

"வங்கியில் 78 லட்சம் இருக்கிறது. கடைசி மூன்று மாதச் சராசரிப் பர்ன் 5.57 லட்சம். ஆகவே 14 மாத ரன்வே என்று எழுதியிருக்கிறேன். இது போதாதா?"

வகுத்தல் சரி. வகுக்க எடுத்துக்கொண்ட இரண்டு எண்களுமே தவறு. இந்தக் கணக்கு வந்த அறிக்கையை முதலில் பார்ப்போம்.

| மாதம் | பணம் வெளியே | பணம் உள்ளே | நிகரப் பர்ன் |
|---|---|---|---|
| ஜனவரி | 9.0 | 2.0 | 7.0 |
| பிப்ரவரி | 9.2 | 2.2 | 7.0 |
| மார்ச் | 12.8 | 2.3 | 10.5 |
| ஏப்ரல் | 9.6 | 2.4 | 7.2 |
| மே | 10.0 | 2.5 | 7.5 |
| ஜூன் | 10.4 | 8.4 | 2.0 |

அனுபவமுள்ள முதலீட்டாளரின் கண் நேராக இரண்டு இடங்களுக்குப் போகும். மார்ச்சில் ஏன் செலவு ஏறியது? ஜூனில் ஏன் வரவு மூன்று மடங்குக்கு மேல் ஆனது? இந்த இரண்டுக்கும் பதில் தாளிலேயே இல்லையென்றால் 14 என்ற எண்ணை அவர் அந்த இடத்திலேயே விட்டுவிடுவார். பிறகு நீங்கள் சொல்லும் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் கேட்பார். உண்மையில் இந்த நிறுவனத்தின் ரன்வே சுமார் 8 மாதம். அது எப்படி என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"மொத்தப் பர்ன், நிகரப் பர்ன் என்று இரண்டு சொல்கிறார்கள். நான் எதைக் காட்டுவது?"

இரண்டையும் காட்டுங்கள், அருகருகே. மாதத்தில் வெளியே போன பணம் முழுவதும் மொத்தப் பர்ன். அதில் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பணத்தைக் கழித்தால் நிகரப் பர்ன். முதலீட்டாளர் போட்ட பணம், கடன், மானியம் ஆகியவை வாடிக்கையாளர் பணம் அல்ல. அவற்றை வரவில் சேர்த்தால் அந்த மாதப் பர்ன் காணாமலே போய்விடும்.

ரன்வே காண இருப்பை நிகரப் பர்னால் வகுப்பதுதான் வழக்கம். ஆனால் மொத்தப் பர்ன் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: நாளை வரவு நின்றுவிட்டால் எவ்வளவு நாள்? வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கும்போது இரண்டு பேர் விலகினாலே நிகரப் பர்ன் மொத்தப் பர்னை நோக்கி நகரத் தொடங்கிவிடும்.

"என் கணக்காளர் மாதாமாதம் லாப நட்டக் கணக்கு தருகிறார். அதிலுள்ள நட்டத்தையே பர்ன் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

கூடாது. லாப நட்டக் கணக்கில் வேலையை முடித்துப் பில் போட்டதுமே வருமானம் பதிவாகிவிடும், பணம் வர 60 நாள் ஆனாலும். கணினி வாங்கிய செலவு மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடப்படும், பணம் முழுவதும் அன்றே போயிருந்தாலும். சம்பளம் கொடுக்க வங்கியில் இருக்கும் பணம்தான் வேண்டும். எனவே வங்கி அறிக்கையை வைத்துப் பர்னைப் போடுங்கள். மாதத் தொடக்க இருப்பில் மாத இறுதி இருப்பைக் கழித்தால் வருவது உங்கள் நிகரப் பர்னோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலீடு, கடன் போன்ற ஏதோ ஒன்று நடுவில் கலந்திருக்கிறது. அதைத் தேடி எடுத்துத் தனி வரியில் வையுங்கள்.

"ஜூனில் ஒரு வாடிக்கையாளர் ஓராண்டுச் சந்தா 6 லட்சத்தை முன்கூட்டியே கட்டிவிட்டார். அது உண்மையான பணம்தானே? ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்?"

பணம் உண்மைதான். அது 78 லட்சத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். சிக்கல் பர்னில் வருகிறது. ஜூனின் 8.4 லட்சத்தைச் சராசரியில் சேர்த்தால், அந்த 6 லட்சம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் வந்துகொண்டே இருக்கும் என்று நீங்கள் சொல்வதாக ஆகிறது. அடுத்த ஜூன் வரை அவரிடமிருந்து ஒரு காசு வராது.

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் 6 லட்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 0.5 லட்சம் என்று வரவில் வைக்கிறார்கள். கணக்கேட்டில் வருமானத்தைப் பதிவுசெய்ய அது சரியான முறை. ரன்வேக்கு அது இரட்டை எண்ணிக்கை. இருப்பில் ஒருமுறை எண்ணிய பணத்தை மாத வரவில் இன்னொரு முறை எண்ணுகிறீர்கள். நன்றாகப் படித்தவர்கள் செய்யும் தவறு இது, கண்ணில் படாமலே தப்பிவிடும்.

ஆகவே ஜூன் வரவு 2.4 லட்சம், நிகரப் பர்ன் 8.0. ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் சேர்ந்து 22.7. சராசரி 7.57. அந்த ஒரு வரியைத் திருத்தியதிலேயே பர்ன் மாதத்துக்கு 2 லட்சம் ஏறிவிட்டது.

"மார்ச் செலவை விட்டுவிடலாம் அல்லவா? அது ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீடும் தணிக்கைக் கட்டணமும்தான்."

ஆண்டுக்கு ஒருமுறை வருவது தவறாமல் வருவது. மார்ச்சில் கூடுதலாகப் போனது 3.4 லட்சம். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு 0.28 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறைச் செலவு என்று கழித்துவிட உரிமை உள்ளவை மிகக் குறைவு. நிறுவனத்தைப் பதிவுசெய்த கட்டணம், முடிந்துபோன ஒரு வழக்கின் செலவு போன்றவை மட்டும். ஒரு நிறுவனர் தந்த தாளில் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு "ஒருமுறைச் செலவு" இருந்தது. அப்படியானால் அதுவே அவருடைய மாதச் செலவு.

"வங்கி இருப்பு என்று வங்கி சொல்லும் எண்ணை எழுதினால் போதும்தானே?"

இந்தக் கேள்வியில் நானே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். என் சொந்த நிறுவனத்துக்கு முதல் பணம் திரட்டியபோது வங்கி இருப்பை அப்படியே தாளில் எழுதிக் காட்டினேன். எதிரில் இருந்தவர் அந்த எண்ணின்மீது பேனாவை வைத்து, "இதில் உங்கள் பணம் எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அடுத்த வாரம் கட்ட வேண்டிய வரி, ஊழியர் சம்பளத்தில் பிடித்து வைத்திருந்த தொகை இரண்டும் அதற்குள் இருந்தன. ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான பணம். அது எங்களுடையதே அல்ல.

நம் கணக்கில் 78 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால், வாடிக்கையாளர்களிடம் வசூலித்த வரியும் சம்பளத்தில் பிடித்த வரியும் 3.1 லட்சம். அது அரசுக்குச் சேர வேண்டியது. 5.0 லட்சம் நிரந்தர வைப்பாக இருக்கிறது, ஆனால் அலுவலக வாடகைக்கு உத்தரவாதமாக அடகில் இருப்பதால் தொட முடியாது. சர்வர் கட்டணம் மே, ஜூன் இரண்டு மாதத்துக்கும் கட்டாமல் நிற்கிறது, 1.8 லட்சம். இவை போக மீதி 68.1 லட்சம். வகுக்க வேண்டிய எண் இதுதான்.

அந்தச் சர்வர் பாக்கி இன்னொரு இடத்தையும் தொடுகிறது. பாக்கி வைத்ததால்தான் மே, ஜூன் பர்ன் தலா 0.9 லட்சம் குறைவாகத் தெரிந்தது. பில்லைத் தள்ளிப்போட்டால் இருப்பு கூடியதுபோலவும் செலவு குறைந்ததுபோலவும் ஒரே நேரத்தில் தோன்றும். எனவே 22.7 உடன் 1.8 சேர்த்து 24.5. மூன்றால் வகுத்தால் 8.17. ஆண்டுச் செலவின் 0.28 சேர்த்தால் 8.45.

68.1 ஐ 8.45 ஆல் வகுத்தால் 8.06 மாதம். 14 இப்படித்தான் 8 ஆனது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணும் வங்கி அறிக்கையில் இருந்ததுதான்.

"வர வேண்டிய பில் தொகை, வாய்மொழியாக ஒப்புக்கொண்ட முதலீடு இவற்றை இருப்பில் சேர்க்கலாமா?"

சேர்க்க வேண்டாம். தாளின் அடியில் தனியாக எழுதுங்கள். பில் தொகையானால் எத்தனை நாள் பழையது என்பதையும் சேர்த்து.

"எத்தனை மாதச் சராசரி எடுப்பது? சிலர் மூன்று என்கிறார்கள், சிலர் ஆறு என்கிறார்கள்."

மூன்று மாதச் சராசரி வழக்கம். ஆறு மாதத் தரவையும் கூடவே கொடுங்கள், போக்கு அதில்தான் தெரியும். ஆனால் செலவு ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தச் சராசரியும் பின்தங்கியே நிற்கும். நம் நிறுவனத்தில் ஜூன் செலவு 10.4, கட்டாத சர்வர் கட்டணம் 0.9 சேர்த்தால் 11.3. வரவு 2.4. ஆக, ஜூலையில் நுழையும்போது உண்மையான நிகரப் பர்ன் 8.9. சராசரி சொன்ன 8.17 ஏற்கெனவே பழைய செய்தி.

அதனால் கடந்த காலத்தைக் காட்டச் சராசரியையும், எதிர்காலத்தைப் போட இன்றைய வேகத்தையும் பயன்படுத்துங்கள். வரவு முற்றிலும் நின்றால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மொத்தச் செலவு 11.3 உடன் ஆண்டுச் செலவின் 0.28 சேர்த்தால் 11.58. 68.1 லட்சம் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும்.

"ரன்வேயை மாதக் கணக்கில் சொல்வதா, தேதியாகச் சொல்வதா?"

தேதியாக. "8 மாதம்" என்று ஜூலையில் எழுதிய தாளைச் செப்டம்பரில் ஒருவர் திறந்து படிப்பார். தேதி அப்படிப் பழசாகாது.

தேதி வேண்டுமென்றால் வகுத்தலை விட்டுவிட்டு மாதவாரி அட்டவணைக்கு வர வேண்டும். எக்செல் தாளில் நான்கு நெடுவரிசைகள் போதும்: B தொடக்க இருப்பு, C வரவு, D செலவு, E இறுதி இருப்பு.

```
B2: 68.1
E2: =B2+C2-D2
B3: =E2
E3: =B3+C3-D3
```

மூன்றாம் வரியிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போங்கள். மாதம் 8.9 வீதம் போனால் ஜனவரி இறுதியில் 5.8 லட்சம் மிஞ்சும். பிப்ரவரியில் வேண்டியது 8.9. கணக்குப்படி மூன்றாம் வாரத்தில் பணம் தீர்கிறது. சம்பளம் மாதக் கடைசியில் கொடுப்பதாக இருந்தால் இதன் பொருள், பிப்ரவரிச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது என்பதே. அந்த வாக்கியத்தை அப்படியே தாளில் எழுதுங்கள். முதலீட்டாளருக்கும் புரியும், உங்கள் கூட்டு நிறுவனருக்கும் புரியும்.

இதற்கும் முன்னதாக இன்னொரு கோடு இருக்கிறது. நிறுவனத்தை ஒழுங்காக மூட வேண்டி வந்தால் கடைசிச் சம்பளம், அறிவிப்புக் காலத் தொகை, வரி பாக்கி எல்லாம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மாதச் செலவாவது ஒதுக்கிவைத்தால் நீங்கள் முடிவெடுக்க வேண்டிய தேதி ஜனவரிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

"நிறுவனர்கள் இருவரும் சம்பளம் எடுப்பதில்லை. அது எங்களுக்கு நல்ல பெயர்தானே?"

நல்ல பெயர்தான். ஆனால் இன்றைய பர்ன் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைத் தாளில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். பணம் வந்தபின் இருவரும் எவ்வளவு எடுப்பீர்கள் என்பதையும் முன்திட்டத்தில் போடுங்கள். அதை மறைத்துவிட்டு முதலீடு வந்த அடுத்த மாதம் பர்ன் ஏறினால் அது ஏமாற்றிய மாதிரி இருக்கும்.

"எவ்வளவு பணம் கேட்பது என்பதை இதிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?"

ரன்வேக் கணக்கின் பயனே இதுதான். எத்தனை மாதத்துக்குப் பணம் வேண்டும் என்பதில் தொடங்குங்கள். அடுத்த சுற்று முதலீட்டாளர் நம்பும்படி ஒன்றைச் சாதித்துக் காட்ட 12 மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுற்றைத் திரட்டி முடிக்க ஆறு மாதம். ஆக 18. சீட் சுற்றுகளில் 18 முதல் 24 மாதம் என்று அடிக்கடி கேட்கிறோமே, அது இப்படிப் பிறந்த எண்தான். உங்கள் இலக்குக்கு 15 மாதம் ஆகுமென்றால் 21 என்று சொல்லுங்கள், காரணத்தோடு.

பலரும் தவறுவது அடுத்த படியில். கையில் 68.1 இருக்கிறது, அதைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்கிறோம் என்கிறார்கள். முதலீடு இன்றே வந்துவிடாது. பேச்சு, சரிபார்ப்பு, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து பணம் வர நான்கு மாதம் ஆனால் 35.6 லட்சம் அதற்குள் கரைந்திருக்கும். அக்டோபர் இறுதியில் கையில் இருப்பது 32.5 மட்டுமே. இரண்டு மாதம் தாமதித்தால் 14.7. அப்போது நீங்கள் பேரம் பேசும் நிலையிலேயே இருக்க மாட்டீர்கள்.

இப்போது 18 மாதத் திட்டத்தைப் போடுவோம். வரவு இன்றைய 2.4 லட்சத்திலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் நிறுவனர் சம்பளமும் ஒரு புதிய ஊழியரும் சேர்ந்து நிகரப் பர்ன் 11. அடுத்த ஆறு மாதம் இரண்டு பொறியாளர்களும் ஒரு விற்பனையாளரும் சேர்ந்து 14. கடைசி ஆறு மாதம் 15. கூட்டினால் 66, 84, 90, மொத்தம் 240. நவம்பரில் தொடங்கும் 18 மாதத்துக்குள் மார்ச் இரண்டு முறை வருகிறது. ஆண்டுக் கட்டணம் 6.8 சேர்த்து 246.8. கையில் இருக்கப்போகும் 32.5 ஐக் கழித்தால் 214.3.

இதன்மேல் ஒரு காப்புத்தொகை வேண்டும். ஆள் சேர்ப்பது தாமதமாகலாம், ஆனால் செலவு திட்டத்துக்குக் கீழே இறங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. மொத்தத் தேவையில் 15 விழுக்காடு, சுமார் 37 லட்சம் சேர்த்தால் 251. கேட்க வேண்டிய தொகை 250 லட்சம், அதாவது இரண்டரைக் கோடி. "ஏன் இரண்டரை?" என்று கேட்டால் இந்தப் பத்தியைத் தாளில் காட்டினால் போதும்.

"வரவு 2.4 லட்சத்திலேயே நிற்கும் என்று காட்டினால் எங்கள் வளர்ச்சியை நாங்களே நம்பாததுபோல ஆகாதா?"

வளர்ச்சியைத் தனி அட்டவணையில் காட்டுங்கள். ஒரே தாளில் இரண்டு ஓட்டம்: வரவு இப்படியே நின்றால் ஒன்று, உங்கள் விற்பனைத் திட்டம் பலித்தால் ஒன்று. பணம் தீரும் தேதி இரண்டிலும் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று முதலீட்டாளர் பார்ப்பார். கேட்கும் தொகை முதல் ஓட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது ஓட்டத்தை வைத்துத் தொகையைக் குறைத்துக் கேட்டவர்கள், ஒரு பெரிய வாடிக்கையாளர் காலாண்டு தள்ளிப்போட்டதும் அவசரமாகப் பணம் திரட்டும் இடைச் சுற்றுக்கு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது கிடைக்கும் பணத்துக்கு அவர்கள் கொடுக்கும் பங்கு மிக அதிகம்.

"எல்லாப் பணமும் ஒரே வங்கியில் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டுமா?"

சொல்லுங்கள். 2023 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, காப்பீட்டு வரம்பான 2,50,000 டாலருக்கு மேல் வைத்திருந்த ஸ்டார்ட்அப்களால் சில நாள் தங்கள் பணத்தைத் தொட முடியவில்லை. எல்லா வைப்பும் திரும்பக் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது இரண்டு நாள் கழித்து. அதற்குள் பலருக்குச் சம்பளத் தேதி நெருங்கிவிட்டது. ஒரு மாதச் சம்பளத்தையாவது வேறு வங்கியில் வைத்திருப்பது நல்லது.

"8 மாதம்தான் என்று தெரிந்தால் முதலீட்டாளர் அதைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைப்பாரே. மறைத்தால் என்ன?"

சரிபார்ப்பின்போது வங்கி அறிக்கை கேட்பார்கள். அப்போது அவர் தானே கண்டுபிடிப்பார். விலை குறைவதைவிட அது மோசமான முடிவு, ஏனென்றால் பேச்சே அங்கே நின்றுவிடும்.

பயத்துக்கு மருந்து, பணம் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் தேதியோடு எழுதிவிடுவது. உதாரணமாக: "அக்டோபர் 31 க்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் மாதச் செலவை 11.3 லட்சத்திலிருந்து 8.9 ஆகக் குறைப்போம்." எதை வெட்டுவீர்கள் என்பதையும் வரிவரியாகப் போடுங்கள். அப்போது நிகரப் பர்ன் 6.5. கையில் உள்ள 32.5 ஐ அதனால் வகுத்தால் சரியாக ஐந்து மாதம், மார்ச் இறுதிவரை.

ஆனால் அட்டவணையில் ஓட்டிப் பாருங்கள். பிப்ரவரி இறுதியில் 6.5 மிஞ்சுகிறது. மார்ச்சில் வழக்கமான 6.5 உடன் காப்பீடும் தணிக்கையும் 3.4 கேட்கின்றன. 3.4 லட்சம் பற்றாமல் போகிறது. வகுத்தல் மார்ச் தாங்கும் என்றது, அட்டவணை தாங்காது என்கிறது. அக்டோபரிலேயே இது தெரிந்தால் காப்பீட்டை மாதத் தவணையில் கட்டக் கேட்கலாம், தணிக்கையாளரிடம் இரண்டு தவணை பேசலாம். பிப்ரவரி கடைசியில் தெரிந்தால் அந்த இரண்டில் எதற்கும் நேரம் இருக்காது.

"இந்தத் தாளை ஒருமுறை போட்டுவிட்டால் சுற்று முடியும்வரை அதையே பயன்படுத்தலாமா?"

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் புதுப்பியுங்கள். போன மாதம் போட்ட மதிப்பீட்டை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே உண்மையில் நடந்த எண்ணை எழுதுங்கள். மூன்று மாத மதிப்பீடும் நடப்பும் அருகருகே இருந்தால், உங்கள் 18 மாதத் திட்டத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை முதலீட்டாளர் அந்த இடைவெளியை வைத்தே அளந்துகொள்வார்.